ஐந்து சீட்டில் துருப்பு

ஈரானியர்கள் விரும்பி ஆடும் சீட்டாட்டம் ஹோக்ம். இதன் நெருங்கிய உறவான ஆட்டத்தை இந்தியாவில் ‘கோர்ட் பீஸ்’ என்றும், பாகிஸ்தானில் ‘ரங்’ என்றும் சொல்வார்கள். நால்வர் ஆட வேண்டும். எதிரெதிரே உட்காருபவர்கள் கூட்டாளிகள். சீட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போடும்போது முதல் ஏஸ் யாருக்கு விழுகிறதோ அவர் ‘ஹாகெம்’. துருப்பைச் சொல்லும் உரிமை அவருக்குத்தான்.

ஆனால் 13 சீட்டையும் பார்த்துவிட்டுச் சொல்ல முடியாது. முதலில் 5 சீட்டு கொடுப்பார்கள். அதைப் பார்த்ததும் துருப்பு எது என்று சொல்லிவிட வேண்டும். அதன்பிறகுதான் நான்கு நான்காக மீதி 8 வரும். 304 ஆட்டத்தைப் போல இங்கே கேள்வி கேட்டு விலகிக்கொள்ள வழியில்லை. கூட்டாளி கண்ணசைத்தாலும் குற்றம்.

ஒரு கையைப் பார்ப்போம். ஸ்பேடில் ஏஸும் ராஜாவும், ஆர்ட்டினில் ராணி, 9, 6. புதியவர் ஸ்பேடைத்தான் சொல்வார். பழகியவர் ஆர்ட்டின் என்பார். ஏஸும் ராஜாவும் துருப்பாக இல்லாவிட்டாலும் பெரும்பாலும் பிடி எடுத்துத் தரும். முதல் சீட்டை இறக்குவதும் ஹாகெம்தான் என்பதால் உடனே போட்டு எடுக்கலாம். 9, 6 போன்ற சிறு சீட்டுகளுக்கோ துருப்பானால்தான் மதிப்பு.

கணக்கும் இதையே சொல்கிறது. கையில் 3 ஆர்ட்டின் இருந்தால், கண்ணுக்குத் தெரியாத 47 சீட்டில் 10 ஆர்ட்டின் இருக்கும். அவற்றில் உங்களுக்கும் கூட்டாளிக்கும் சேர்த்து வரவேண்டியவை 21 சீட்டு. சராசரியாகப் பார்த்தால் உங்கள் அணிக்கு ஏழரைத் துருப்பு, எதிரணிக்கு ஐந்தரை. இரண்டே சீட்டுள்ள ஸ்பேடைச் சொன்னால் உங்களுக்கு ஏழு, அவர்களுக்கு ஆறு, ஏறக்குறைய சமம்.

சராசரி கைகொடுக்காத நாளும் உண்டு. அடுத்த எட்டில் ஒரு ஆர்ட்டின்கூட வராமல் நான்கு ஸ்பேட் வந்துவிட்டால்? சொன்ன துருப்பை மாற்ற முடியாது. அப்போது மற்ற மூவரிடமும் சேர்த்து ஏழு ஸ்பேடுதான் மிச்சம். இரண்டாம் சுற்றிலேயே ஒருவர் கையில் ஸ்பேட் தீர்ந்து, உங்கள் ராஜாவைத் துருப்பால் வெட்டிவிடலாம்.

முதலில் 7 பிடி எடுத்த அணிக்கு ஒரு புள்ளி. எதிரணி ஒரு பிடிகூட எடுக்காவிட்டால் அது ‘கோத்’, வழக்கமாக இரண்டு புள்ளி. ஹாகெமின் அணியே அப்படி வெறுங்கையாகத் தோற்றால் மூன்று. ஆகவே 13 சீட்டும் கைக்கு வந்ததும் முதல் வேலை துருப்பை எண்ணுவது. ஐந்துக்கு மேல் இருந்தால் துருப்பையே இறக்கி எதிரணியின் துருப்பைத் தீர்க்கலாம். மூன்றே இருந்தால் அவற்றை வெட்டுவதற்கென்று பத்திரப்படுத்துவதே நல்லது.