மெக்கானிக் வரும்வரை பனி இருக்கட்டும்

டபுள் டோர் ஃப்ரிட்ஜில் மேலே ஐஸ் கட்டி இருக்கிறது, கீழே வைத்த பால் திரிந்துபோகிறது. ஃப்ரீசரின் பின்சுவரில் விரல் கனத்துக்குப் பனி. பார்த்தவர்கள் "கேஸ் போயிடுச்சு" என்பார்கள். பெரும்பாலும் கேஸ் அப்படியே இருக்கும்; பனியை உருக்கும் ஏற்பாடுதான் நின்றிருக்கும்.

ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜிலும் பனி படியத்தான் செய்யும். அது படிவது பின்சுவருக்குப் பின்னால் இருக்கும் கூலிங் காயிலில். பல மாடல்களில் கம்ப்ரஸர் எட்டு மணி நேரம்போல ஓடியதும் டைமர் அதை நிறுத்தி, காயிலுக்கு அடியில் உள்ள ஹீட்டருக்குக் கரண்டை மாற்றிவிடும். காயில் உறைந்திருக்கிறதா என்று பார்த்து ஹீட்டரை ஓடவிடுவதும், சூடேறியதும் நிறுத்துவதும் பைமெட்டல் என்ற சிறு தெர்மோஸ்டாட்டின் வேலை. அதையும் மீறிச் சூடேறினால் ஃபியூஸ் அறுந்துவிடும். இவற்றில் எது போனாலும் பனி சுவராக வளர்ந்து ஃபேன் காற்றை அடைக்கும். கீழ்த்தட்டுக்குக் குளிர் இறங்காது.

பிளக்கைப் பிடுங்கி, கதவைத் திறந்து ஒரு நாள் விட்டுப் பாருங்கள். அதன்பின் ஒரு வாரம்போல நன்றாக ஓடி மறுபடி பனி கட்டினால் கோளாறு டிஃப்ராஸ்ட்டில்தான். கேஸ் கசிந்த ஃப்ரிட்ஜ் அப்படித் தேறாது.

இரண்டாம் முறை பனி கட்டும்போது உருக்காமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அந்தப் பனிதான் சாட்சி. காயில் முழுக்கச் சீராக மூடியிருந்தால் டிஃப்ராஸ்ட் கோளாறு. கேஸ் குறைந்திருந்தால் ஒரு முனையில் மட்டும்தான் பனி பிடித்திருக்கும்.

அவர் ஸ்க்ரூ டிரைவரால் டைமரின் திருகை 'டிக்' என்று கேட்கும்வரை திருப்புவார். கம்ப்ரஸர் நின்று, சில நிமிடங்களில் ஹீட்டர் சுட்டுப் பனி 'உஸ்' என்று உருகினால், ஹீட்டர் நல்லது. தானாக நகராத டைமரை மாற்றினால் போதும். சூடு வராவிட்டால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு மீட்டரை வைக்க வேண்டும். 150 வாட் ஹீட்டர் என்றால் சுமார் 350 ஓம் காட்டும். ஃபியூஸில் எப்போதும் தொடர்பு இருக்க வேண்டும். தவறு நடப்பது பைமெட்டலில். அறைச் சூட்டில் நல்ல பைமெட்டலும் தொடர்பு காட்டாது. பூஜ்ஜியத்துக்குக் கீழே பல டிகிரி குளிர்ந்தால்தான் இணையும். பனியை உருக்கிவிட்டுச் சோதித்தால், கெடாத பைமெட்டலைக் கெட்டது என்று கழற்றிப் போடுவார்கள்.

புது மாடல்களில் டைமருக்குப் பதில் போர்டும் சென்சாரும் இருக்கும். சென்சாரைக் கைக்குள் பொத்திப் பிடித்தால், சூடு ஏற ஏற மீட்டரில் ஓம் படிப்படியாக இறங்க வேண்டும். அசையாமல் நின்றால் சென்சார் போய்விட்டது.

அறுந்த ஃபியூஸை ஒயரால் நேராக இணைத்துவிட்டுப் போக யாரையும் விடாதீர்கள். இப்போது வரும் பல ஃப்ரிட்ஜ்களில் இருப்பது R600a என்ற தீப்பற்றும் கேஸ். அதே காரணத்துக்காக, பனியைக் கத்தியால் கொத்தவும் கூடாது. அலுமினியக் காயிலில் ஒரு ஓட்டை விழுந்தால் கேஸ் உண்மையிலேயே போய்விடும்.