வெனிலா சாப்பிட்ட 54 பேர்

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஆஸ்வீகோ மாவட்டம். அங்கே லைகோமிங் என்றொரு சிற்றூர். 1940 ஏப்ரல் 18 அன்று மாலை அவ்வூர் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் விருந்து நடந்தது. ஊரார் ஆளுக்கொரு பதார்த்தம் சமைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். 6 மணிக்குத் தொடங்கிய பந்தி 11 மணி வரை நீண்டது. இரவு முடிவதற்குள் ஊரில் பல வீடுகளில் வாந்தியும் பேதியும் வயிற்றுவலியுமாக இருந்தது. யாருக்கும் காய்ச்சல் இல்லை. எல்லாரும் ஒரு நாள், அதிகம் போனால் ஒன்றேகால் நாளில் எழுந்து நடமாடிவிட்டார்கள்.

யாரும் சாகாத, ஒரு நாளில் தீர்ந்துபோன ஒரு வயிற்றுப்போக்கு. ஆனாலும் பொதுசுகாதாரம் படிக்கிறவர்கள் இன்றும் இதை வைத்துத்தான் பயிற்சி எடுக்கிறார்கள். செய்தி சுகாதார அலுவலகத்துக்கு எட்டியதும், அப்போது பயிற்சியில் இருந்த மருத்துவர் ஏ. எம். ரூபின் விசாரிக்க அனுப்பப்பட்டார்.

முதலில் தீர்க்க வேண்டியது, இது உண்மையிலேயே வழக்கத்தை மீறிய நோய்ப்பரவலா, நோய் இன்னதுதானா என்பது. இங்கே அதில் சிரமம் இல்லை. நோய் கண்டவர்கள் எல்லாரும் விருந்துக்குப் போனவர்கள். போகாமல் வீட்டிலேயே இருந்த குடும்பத்தார் நலமாக இருந்தார்கள். ஊர்க் கிணற்றையோ தினப்படிப் பாலையோ சந்தேகிக்க இடமில்லாமல் போனது இதனால்தான். அடுத்து யாரை நோயாளி என்று கணக்கில் எடுப்பது என்பதற்கு ஒரு வரையறை வேண்டும். விருந்துக்குப் பிறகு இத்தனை மணி நேரத்துக்குள் வாந்தியோ பேதியோ கண்டவர் என்பதுபோல எழுதிவைத்துக்கொள்ளாவிட்டால், பழைய அல்சர்க்காரரும் கணக்கில் சேர்ந்துவிடுவார். பிறகு வீடு வீடாகப் போய் ஒரு பட்டியல்: பெயர், வயது, சாப்பிட்ட நேரம், நோய் தொடங்கிய நேரம், என்னென்ன சாப்பிட்டார். களப்பணியாளர்கள் இதை லைன் லிஸ்ட் என்பார்கள். விருந்துக்கு வந்த 80 பேரில் 75 பேரை விசாரிக்க முடிந்தது. 46 பேர் நோயுற்றிருந்தார்கள்.

நோய் தொடங்கிய நேரங்களை அடுக்கி, எந்த மணியில் எத்தனை பேர் என்று பட்டைகளாக வரைந்தால் கிடைப்பது நோய்ப்பரவல் வளைகோடு. அதன் வடிவமே பாதிக் கதையைச் சொல்லிவிடும். எல்லாரும் ஒரே வேளையில் ஒரே இடத்தில் நஞ்சை வாங்கியிருந்தால் கோடு சட்டென்று ஏறி, ஒரு உச்சி தொட்டு இறங்கும். அம்மை மாதிரி ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவது என்றால் இடைவெளி விட்டு விட்டு அலையலையாக எழும். அசுத்தமான குழாய்த் தண்ணீரைத் தினமும் குடித்துக்கொண்டே இருந்தால் உச்சி தட்டையாகி நாள்கணக்கில் நீளும். லைகோமிங்கில் பெரும்பாலோருக்கு இரவு 9 மணி முதல் பின்னிரவு 2.30-க்குள் தொடங்கியது. ஒற்றை உச்சிதான்.

வரைபடத்தில் ஒரு பட்டை எவ்வளவு நேரத்தைக் குறிக்க வேண்டும் என்று பயிற்சியாளர்கள் எப்போதும் கேட்பார்கள். நாள்வாரியாக வரைந்தால் லைகோமிங்கின் கதை மொத்தமும் இரண்டே பட்டைகளுக்குள் அடங்கி மறைந்துவிடும். நோய் வெளிப்பட எடுக்கும் காலத்தில் எட்டில் ஒரு பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையே பட்டையின் அகலம் இருக்கலாம் என்பது வழக்கம். இங்கே அரை மணி அல்லது ஒரு மணி சரியாக வரும்.

சாப்பிட்டதற்கும் நோய் தொடங்கியதற்கும் இடைப்பட்டது நோயரும்பு காலம். 46 பேரில் 22 பேருக்குத்தான் இரண்டு நேரமும் தெரிந்திருந்தது. மூன்று முதல் ஏழு மணி நேரம் வரை, நடு அளவு நான்கு மணி. ஆய்வகம் பேசுவதற்கு முன்பே இந்த எண் பல சந்தேக நபர்களை விடுவித்துவிடுகிறது. சால்மொனெல்லாவுக்குக் குறைந்தது ஆறு மணி வேண்டும், பெரும்பாலும் அரை நாளுக்கு மேல். செம்பு, துத்தநாகம் போன்ற உலோக நஞ்சு என்றால் நிமிடங்களில் வாந்தி வரும். நான்கு மணி, காய்ச்சல் இல்லை, வாந்தி முன்னால் நிற்கிறது என்றால் அனுபவஸ்தர்கள் ஸ்டெஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியாவைத்தான் நினைப்பார்கள். அது உணவிலேயே பெருகி, நஞ்சை முன்கூட்டியே சுரந்து வைத்துவிடுகிறது. வயிற்றுக்குள் போய் வளர வேண்டிய அவசியம் இல்லாததால்தான் இத்தனை வேகம். கொதிக்க வைத்தாலும் உறைய வைத்தாலும் அந்த நஞ்சு எளிதில் அழியாது.

ஆனால் எந்தப் பதார்த்தம்? நோயாளிகளை மட்டும் கேட்டால் ஏமாந்துபோவோம். 46 பேரில் 29 பேர் பன்றி இறைச்சி சாப்பிட்டிருந்தார்கள். இதைக் கேட்ட மாத்திரத்தில் இறைச்சிமேல் பழி விழும். நலமாக இருந்தவர்களையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் பழி கழிகிறது. இறைச்சி சாப்பிட்டவர்களில் 63 சதவீதம் பேர் நோயுற்றார்கள், சாப்பிடாதவர்களிலும் 59 சதவீதம். இந்தச் சதவீதம்தான் தாக்கு விகிதம். வெனிலா ஐஸ்கிரீமுக்குக் கணக்கே வேறு. சாப்பிட்ட 54 பேரில் 43 பேருக்கு நோய், அதாவது 80 சதவீதம். சாப்பிடாத 21 பேரில் 3 பேருக்கு மட்டுமே, 14 சதவீதம். ஐந்தரை மடங்கு வித்தியாசம். சாக்லேட் ஐஸ்கிரீம் சாப்பிட்டவர்களில் 53 சதவீதம் பேர் நோயுற்றார்கள், சாப்பிடாதவர்களில் 74. சாக்லேட் நோயைத் தடுத்தது என்று இதற்கு அர்த்தமில்லை. சாக்லேட்டை விட்டவர்களில் பலர் வெனிலாவை எடுத்திருப்பார்கள், அவ்வளவுதான்.

வெனிலா சாப்பிடாமலே படுத்த அந்த மூவரையும் சும்மா விட முடியாது. மறந்திருக்கலாம், ஒரே கரண்டியால் பரிமாறியிருக்கலாம், வேறு காரணமும் இருந்திருக்கலாம். அதைவிடச் சுவாரசியமானது வளைகோட்டின் முன்னால் தனியாக நின்ற ஒரு பட்டை. விருந்து தொடங்குவதற்கு மூன்று மணி நேரம் முன்பே, பிற்பகல் 3 மணிக்கு, ஒரு குழந்தைக்கு நோய். துருவிக் கேட்டபோது அது காலை 11 மணிக்கே வெனிலா ஐஸ்கிரீம் சாப்பிட்டிருந்தது தெரிந்தது. இடைவெளி நான்கு மணி. கூட்டத்தோடு ஒட்டாத ஆளைத் தவறு என்று தள்ளியிருந்தால் இந்தச் சாட்சி கிடைத்திருக்காது.

ஐஸ்கிரீமுக்கான பால் 17-ம் தேதி பிற்பகல் காய்ச்சப்பட்டது. முட்டை, சர்க்கரை, கொஞ்சம் மாவு கலந்து, வெனிலாவையும் சாக்லேட்டையும் தனித்தனியாகத் தயாரித்து, மாலை தேவாலயக் கீழ்த்தளத்தில் மூடி வைத்தார்கள். ராத்திரி முழுக்க அப்படியே இருந்தது. மறுநாள் காலைதான் உறைய வைத்தார்கள். ஆய்வகத்தில் வெனிலாவில் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஏராளமாக இருந்தது, சாக்லேட்டில் மிகக் குறைவு. தயாரித்த இருவரில் ஒருவரின் மூக்கிலும் அதே வகை பாக்டீரியா கிடைத்தது. ஆனால் ஆரோக்கியமான பலரின் மூக்கிலும் அது குடியிருக்கும், அதை வைத்து அவர்மேல் பழிபோட முடியாது. இரண்டும் ஒன்றாகவே இருந்தும் வெனிலா மட்டும் ஏன் கெட்டது என்பதற்கு விசாரணை அறிக்கையில் விடை இல்லை.

பாடநூல்களில் இந்தப் படிகள் ஒன்றன்பின் ஒன்றாக எண் போட்டு வரும். தேர்வுக்கு அது சரி, களத்தில் அப்படி நடக்காது. மிச்சமுள்ள ஐஸ்கிரீமை யாரும் தொடக்கூடாது என்று சொல்ல ஆய்வக முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கட்டுப்படுத்தும் நடவடிக்கை சந்தேகம் எழுந்த நிமிடத்திலேயே தொடங்கலாம், விசாரணை பின்னால் வரட்டும்.

நம் ஊர்க் கல்யாணப் பந்தியிலோ கோயில் அன்னதானத்திலோ இப்படி நேர்ந்தால், மிச்சமான உணவைப் பயத்தில் கொட்டிவிடாதீர்கள். மூடி ஃபிரிட்ஜில் வைத்து, சுகாதாரத் துறைக்குச் சொல்லுங்கள். எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு வயிறு புரட்டியது என்று எழுதிவையுங்கள். உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றாலும் விசாரிக்க வருகிறவரிடம் என்ன சாப்பிட்டீர்கள் என்று சொல்லுங்கள். நோய்ப்படாதவரின் பதில் இல்லாமல் அந்தக் கணக்கைப் போடவே முடியாது.