முன் டயர் ஏன் முதலில் தேய்கிறது?

“முன்னாடி ரெண்டும் மொட்டை ஆயிடுச்சு சார், பின்னாடி இன்னும் நல்லா ஓடும்.” டீசல் கார் வைத்திருப்பவர்கள் டயர் கடையில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. டயரின் தரத்தில் கோளாறு என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் காரணம் வண்டியின் அமைப்பில்தான் இருக்கிறது.

2020 வரை விற்பனையில் இருந்த மாருதி ஸ்விஃப்ட் டீசலையே எடுத்துக்கொள்வோம். அதன் 1.3 லிட்டர் டீசல் எஞ்சின் 190 நியூட்டன் மீட்டர் இழுவிசை தரும். பெட்ரோல் ஸ்விஃப்டில் அது 115-ஐ ஒட்டித்தான். டீசல் எஞ்சினுக்குள் அழுத்தம் மிக அதிகம் என்பதால் அதன் பாகங்கள் கனமாக இருந்தாக வேண்டும். போதாததற்கு டர்போவும் இன்டர்கூலரும் சேர்கின்றன. இப்படிக் கூடுகிற எடை ஏறத்தாழ 100 கிலோ. அதில் பெரும்பகுதி முன் சக்கரங்களுக்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறது. ஓட்டுநர் மட்டும் இருக்கும்போது வண்டியின் எடையில் 60 சதவீதத்துக்கும் மேல் முன்பக்கம் விழுகிறது.

இந்த வண்டியை இழுப்பதும் முன் சக்கரம்தான், திருப்புவதும் அதுதான். பிரேக் போட்டால் எடை முன்னே சாய்வதால் நிறுத்தும் வேலையிலும் பெரும்பங்கு அதற்கே. பின் டயர் பெரும்பாலும் கூடவே உருண்டு வருகிறது. திருப்பத்தில் முன் டயர் சாலையில் உரசிக்கொண்டே திரும்பும். மேலே இருக்கும் எடை கூடினால் அந்த உரசலும் கூடும்.

இங்கேதான் காற்று முக்கியமாகிறது. எடைக்குத் தேவையான காற்று இல்லாவிட்டால் டயர் நடுவில் உள்வாங்கி, இரு ஓரங்களில் மட்டும் பாரத்தைச் சுமக்கும். ஆகவே இரு ஓரமும் தேய்ந்து நடு நன்றாக இருந்தால் காற்று குறைவு. நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். ஒரே ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் காற்றைக் குறை சொல்லக் கூடாது, அலைன்மென்ட்டைப் பாருங்கள்.

பெட்ரோல் பங்க்கில் நான்கு டயருக்கும் ஒரே அளவு காற்றை அடித்துவிடுவது நம் வழக்கம். ஆனால் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி அளவு இருக்கக்கூடும். சில மாடல்களில் டீசலுக்கென்றே வேறு அளவு தந்திருப்பார்கள். அதுதான் உங்கள் அளவு. டயரின் பக்கவாட்டில் பொறித்திருப்பது உச்சவரம்பு, அதை நிரப்பக் கூடாது. காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். ஓடிச் சூடான டயர் மூன்று நான்கு பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால் மறுநாள் குறைந்த காற்றில்தான் ஓட்டுவீர்கள்.

ஸ்டிக்கர் அளவு வைத்தும் முன் டயரின் இரு ஓரமும் தேய்ந்தால், ஒன்றிரண்டு பிஎஸ்ஐ கூட்டிப் பார்க்கலாம். அதற்கு மேல் போனால் ஈரச் சாலையில் பிடிப்பு குறையும்.

அடுத்தது, டயரை இடம் மாற்றுவது. புது டயரின் பள்ளம் 8 மில்லிமீட்டர் என்று வையுங்கள். 1.6-க்கு வந்தால் மாற்றியாக வேண்டும். ஆக, தேய்க்கக் கிடைப்பது 6.4. முன் டயர் 10,000 கிலோமீட்டருக்கு 2 மில்லிமீட்டரும் பின் டயர் 1 மில்லிமீட்டரும் தேய்வதாகக் கொள்வோம். அப்படியே விட்டால் முன் ஜோடி 32,000 கிலோமீட்டரில் முடியும், பின் ஜோடி 64,000-இல் முடியும். அந்த 64,000 கிலோமீட்டருக்கு ஆறு டயர் செலவாகும். முறையாக இடம் மாற்றினால் நான்கும் சேர்ந்து சுமார் 42,700 கிலோமீட்டரில் முடியும். கணக்குப் போட்டுப் பாருங்கள், இதிலும் 64,000-க்கு ஆறு டயர்தான்!

இடம் மாற்றினால் பணம் மிச்சம் என்று சொல்வது முழு உண்மையல்ல. தேய்மானத்தைக் குறைப்பது சரியான காற்றுதான். இடம் மாற்றுவது அதைப் பங்கிடுகிறது. உண்மையான லாபம் பாதுகாப்பில் இருக்கிறது. மாற்றாமல் விட்டவர் முன்னால் புது ஜோடி போட்டு, பின்னால் பழையதையே ஓட்டுவார். மழையில் முன்பக்கம் பிடித்துக்கொள்ள, பின்பக்கம் வழுக்கி வண்டி சுழலலாம். தவிர்க்க முடியாமல் இரண்டே டயர் வாங்கினால், புதியதைப் பின்னால் போடச் சொல்லுங்கள்.

8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றினால் போதும். முன் டயர்களை அதே பக்கத்தில் நேராகப் பின்னுக்கும், பின் டயர்களைக் குறுக்காக முன்னுக்கும் கொண்டுவர வேண்டும். சுழலும் திசைக்கு அம்புக்குறி போட்ட டயர் என்றால் குறுக்கே மாற்றக் கூடாது, அதே பக்கத்தில் முன்பின்னாக மட்டுமே. ஓர் ஓரம் தேய்ந்த டயரை அலைன்மென்ட் பார்க்காமல் பின்னுக்குத் தள்ளினால், முன்னே வந்த நல்ல டயரும் அதே போலத் தேயும்.

வேலை முடிந்து வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்கியதும் பலரும் விட்டுவிடுகிற ஒன்று உண்டு. பின்னாலிருந்து முன்னுக்கு வந்த டயரில் இன்னும் பின் சக்கரத்துக்கான காற்றுதான் இருக்கும். ஸ்டிக்கரைப் பார்த்து முன்னும் பின்னும் காற்றைச் சரிசெய்த பிறகே கடையை விட்டு வண்டியை எடுங்கள்.