சளியின் நாள்களும் இருமலின் வாரங்களும்

மருந்து உண்டால் சளி ஏழு நாளில் போகும்; உண்ணாவிட்டால் ஒரு வாரத்தில் போகும் என்று வேடிக்கையாகக் கூறுவதுண்டு. மூக்கைப் பொறுத்தவரை அக்கூற்று ஏறக்குறைய உண்மை. இருமலைப் பொறுத்தவரை அது பொருந்தாது. மூக்கு தெளிந்த பின்னும் இருமல் நீடிப்பதைக் கண்டு, நோய் முற்றிவிட்டதோ எனப் பலர் அஞ்சுகின்றனர். அந்த அச்சம் எப்போது தேவையற்றது, எப்போது தேவையானது என்பதை அறிய, சளியின் போக்கை நாள்தோறும் பின்தொடர்ந்து காண்போம். குழப்பம் நேராதிருக்க, நோயைச் ‘சளி’ என்றும், மூக்கிலும் தொண்டையிலும் சுரப்பதைக் ‘கோழை’ என்றும் இங்குக் குறிப்போம்.

பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி ஞாயிற்றுக்கிழமை ஒரு திருமண வீட்டிற்குச் சென்று வந்தாள் எனக் கொள்வோம். அங்குச் சளி பிடித்திருந்த உறவினர் ஒருவரிடமிருந்து வைரஸ் அவளைத் தொற்றியது. செவ்வாய்க்கிழமை மாலை அவள் தொண்டை கரகரத்தது. இதுவே நோயின் முதல் நாள்.

இரண்டாம் நாள் தும்மலும், தண்ணீர்போல் மூக்கொழுகலும் தொடங்கின. மூன்றாம் நாள் மூக்கு அடைத்தது, தலை கனத்தது, உடல் சோர்ந்தது. பெரும்பாலோர்க்குச் சளி உச்சத்தை அடைவது இரண்டாம், மூன்றாம் நாள்களில்தான்.

நான்காம், ஐந்தாம் நாள்களில் கோழை தடித்து மஞ்சளும் பச்சையுமாக மாறியது. பாக்டீரியா புகுந்துவிட்டதற்கு இந்நிறம் சான்று எனப் பலர் எண்ணி, நுண்ணுயிர் எதிர்ப்பி மாத்திரைகளைத் தாமே வாங்கி உண்கின்றனர். உண்மையில், வைரசை எதிர்க்கத் திரண்ட வெள்ளை அணுக்களில் உள்ள ஒரு நொதியே பச்சை நிறத்தைத் தருகிறது. நுண்ணுயிர் எதிர்ப்பி பாக்டீரியாவை அழிக்கும், வைரசை அழிக்காது. ஆகவே நிறத்தை மட்டும் கொண்டு அம்மருந்தை நாடுதல் பயனற்றது.

இந்நாள்களில்தான் இருமல் வலுப்பெற்றது. ஏழாம் நாள் மூக்கடைப்பு தளர்ந்தது. பத்தாம் நாளான வியாழக்கிழமை இருமலைத் தவிர மற்றவை யாவும் நீங்கின.

வைரஸ் அடங்கிய பின்னும் இருமல் நிற்காதது ஏன்? மூச்சுக்குழலின் உட்பரப்பு வைரசால் புண்பட்டிருக்கிறது. அது சீராகும்வரை அங்குள்ள நரம்பு முனைகள் சிறு தூண்டலுக்கும் சிலிர்த்தெழும். குளிர்ந்த காற்று, தூசி, உரத்த சிரிப்பு, நீண்ட பேச்சு ஆகிய எதுவும் இருமலை எழுப்பும். படுத்திருக்கும்போது மூக்கின் பின்புறமாகத் தொண்டையில் இறங்கும் கோழையும் அதனோடு சேரும். பல ஆய்வுகளைத் தொகுத்து 2013-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று, இத்தகைய இருமல் சராசரியாக 18 நாள் நீடிப்பதாகக் கண்டது. மக்களோ ஏழு முதல் ஒன்பது நாளில் அது நின்றுவிடும் என எதிர்பார்த்தனர். எனவே மூன்று வாரம்வரை நீளும் இருமல், நாளுக்கு நாள் குறைந்து வருமாயின், பெரும்பாலும் இயல்பானதே.

அம்மாணவிக்குப் பதினைந்தாம் நாளிலும் இருமல் இருந்தது. ஆயினும் இரவில் உறக்கம் கெடவில்லை. முந்தைய வாரத்தைவிட இருமலும் குறைந்திருந்தது. அவள் கவலையின்றி இருக்கலாமா? இரண்டு வாரமோ அதற்கு மேலோ இருமல் உள்ளவர்க்குச் சளிப் பரிசோதனை எனப்படும் கோழைச் சோதனை செய்ய வேண்டும் என்பது இந்தியக் காசநோய் ஒழிப்புத் திட்டத்தின் நெறி. அரசு நல மையங்களில் இச்சோதனைக்குக் கட்டணமில்லை. மேலே கண்டதற்கு இது முரணன்று. இயல்பு என்பது பெரும்பாலோர்க்கு நிகழ்வதைக் குறிக்கும். ஒருவரின் நுரையீரலுக்குள் இருப்பதை அது காட்டாது. காசநோய் பரவலாக உள்ள நாட்டில், அஞ்சாமல் இருப்பதும் சோதித்துக்கொள்வதும் ஒருங்கே வேண்டும். அவள் சோதனை செய்துகொண்டாள். காசநோய் இல்லை என முடிவு வந்தது. மூன்றாம் வார இறுதியில் இருமலும் ஓய்ந்தது.

சில அறிகுறிகள் தோன்றினால் நாள்களை எண்ணிக்கொண்டிருத்தல் கூடாது. நன்கு தேறி வந்தவர்க்கு மீண்டும் காய்ச்சல் ஏறுதல், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, கோழையில் குருதி ஆகியவை தோன்றின் அன்றே மருத்துவரைக் காண வேண்டும். மாலைதோறும் காய்ச்சல், இரவு வியர்வை, உடல் மெலிதல் ஆகியவை இருமலோடு சேரினும், இரண்டு வாரம் நிறையும்வரை காத்திராமல் சோதித்துக்கொள்ள வேண்டும். இவை ஏதுமின்றி இருமல் மட்டுமே இருப்பினும், அது குறையாமல் மூன்று வாரத்தைக் கடந்தால் மருத்துவரே அதன் காரணத்தை ஆராய வேண்டும்.

ஆகவே இருமலை அளக்கும்போது எத்தனை நாள் என்று மட்டும் கேட்பது போதாது. ஏறுகிறதா, இறங்குகிறதா என்பதையும் உடன் கேட்க வேண்டும்.