திரையில் ஒரு விலை, கையில் ஒரு விலை

2022 ஜூலை மாதத்தின் பிற்பாதியில் யூடியூபில் சில வீடியோக்கள் சுற்றிவந்தன. 'சாத்னா பிராட்காஸ்ட்' என்ற சிறிய தொலைக்காட்சி நிறுவனத்தை அதானி குழுமம் வாங்கப்போகிறது என்றார்கள். அது இனி சினிமா எடுக்கப்போகிறது என்றார்கள். பக்திப் படங்கள் எடுப்பதற்காக அமெரிக்க நிறுவனம் ஒன்று 1,100 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டிருப்பதாகவும் சொன்னார்கள். எல்லாம் பொய். இந்த வீடியோக்களைப் பரப்ப விளம்பரத்துக்கே கோடிக்கணக்கில் செலவாகியிருந்தது என்று 2023 மார்ச்சில் வெளியிட்ட ஆணையில் செபி சொன்னது. அதே ஆணையில் இன்னொரு கணக்கும் இருந்தது: அந்தப் பங்கை வைத்திருந்த சிறு முதலீட்டாளர்கள் 2,167 பேராக இருந்தவர்கள், சில மாதங்களில் 55,343 பேர் ஆகிவிட்டார்கள்.

இதே கதையை இன்ஃபோசிஸைப் பற்றியோ ஹிந்துஸ்தான் யூனிலீவரைப் பற்றியோ கட்டியிருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாங்கியிருக்காது. கேட்டவர்கள் எல்லோரும் ஏமாளிகள் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. சிறிய பங்கு ஒன்றின் சந்தை எப்படி அமைந்திருக்கிறது என்று பார்த்தால் அப்படிச் சொல்லத் தோன்றாது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். பென்னி ஸ்டாக் என்றால் பத்து ரூபாய்க்குக் கீழே இருக்கும் பங்கு என்று பலர் நினைக்கிறார்கள். விலையை வைத்து எதையும் சொல்ல முடியாது. சென்னையின் எம்.ஆர்.எஃப். பங்கு ஒன்று 2023-இல் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. வோடஃபோன் ஐடியா பல ஆண்டுகளாக இருபது ரூபாய்க்கும் கீழேதான் கிடக்கிறது. ஆனால் அதில் தினமும் கோடிக்கணக்கான பங்குகள் கைமாறுகின்றன, எப்போது வேண்டுமானாலும் விற்றுவிட்டு வெளியேறலாம். கவலைப்பட வேண்டியது விலை குறைவான பங்கைப் பற்றியல்ல, வாங்குவோரும் விற்போரும் குறைவாக இருக்கும் பங்கைப் பற்றி. சந்தை மதிப்பின் வரிசையில் முதல் 100 நிறுவனங்களைப் பெரியவை என்றும், அடுத்த 150-ஐ நடுத்தரம் என்றும், 250-க்குப் பிறகு வருபவை எல்லாவற்றையும் சிறியவை என்றும் மியூச்சுவல் ஃபண்டுகளுக்காகச் செபி வகுத்திருக்கிறது. அந்த 'எல்லாவற்றிலும்' ஆயிரக்கணக்கான நிறுவனங்கள் அடங்கும். நேர்மையாகத் தொழில் செய்யும் கோயம்புத்தூர் பம்பு கம்பெனியும் அங்கேதான், பெயர்ப்பலகைக்குப் பின்னால் எதுவுமே இல்லாத கம்பெனியும் அங்கேதான்.

ஆள் குறைவென்றால் என்ன ஆகும்? ஒரு கற்பனைப் பங்கை எடுத்துக்கொள்வோம். கடைசியாக விற்ற விலை 4 ரூபாய் 20 பைசா. உங்களிடம் 10,000 பங்கு இருக்கிறது. செயலியைத் திறந்தால் 42,000 ரூபாய் என்று காட்டுகிறது. இப்போது வாங்கக் காத்திருப்பவர்களின் பட்டியலைப் பாருங்கள். 4.10-க்கு 500 பங்கு, 4.00-க்கு 1,500, 3.85-க்கு 2,000, 3.70-க்கு 3,000, 3.50-க்கு 3,000. அவ்வளவுதான். எல்லாவற்றையும் உடனே விற்றால் உங்கள் கைக்கு வருவது 37,350 ரூபாய். பதினொரு சதவீதம் போய்விட்டது. கம்பெனியில் கெட்ட செய்தி எதுவும் வரவில்லை, நீங்கள் விற்றதுதான் ஒரே செய்தி. அதே தொகைக்கு ஒரு புளூசிப் பங்கை விற்றால் இந்த இழப்பு சில ரூபாய்களில் முடியும், ஏனென்றால் அங்கே வாங்குபவர் கேட்கும் விலைக்கும் விற்பவர் சொல்லும் விலைக்கும் இடையே சில பைசாக்கள்தான் வித்தியாசம். புறநகர் மனைக்குத் தரகர் சொல்லும் விலையைப் போலத்தான் சிறு பங்கின் திரை விலையும்: கேட்க நன்றாக இருக்கும், பணத்தோடு ஆள் வரும்போதுதான் உண்மை தெரியும்.

இது எதிர்த்திசையிலும் நடக்கும். எல்சிட் இன்வெஸ்ட்மென்ட்ஸ் என்ற நிறுவனத்தின் கையில் ஏஷியன் பெயிண்ட்ஸ் பங்குகள் ஏராளமாக இருந்தன. ஆனால் அதன் சொந்தப் பங்கு திரையில் 3 ரூபாய் 53 பைசா என்று காட்டியது. வைத்திருந்தவர்கள் யாரும் அந்த விலைக்கு விற்கத் தயாரில்லை, அதனால் வர்த்தகமே நடக்கவில்லை. 2024 அக்டோபர் 29 அன்று, விலையைக் கண்டறியச் சிறப்பு ஏலம் வைத்தார்கள். அன்று ஒரு பங்கு 2,36,250 ரூபாய்க்குப் போனது. இதில் மோசடி ஏதும் இல்லை. 3.53 என்பது விலையே அல்ல, யாரும் அழிக்காமல் விட்ட ஒரு பழைய எண்.

யாரும் வியாபாரம் செய்யாத இடத்தில் விலையை உருவாக்குவது மலிவான வேலை. ஒரு பங்கில் நாளொன்றுக்கு 5,000 பங்குகள் நான்கு ரூபாய்க்குக் கைமாறுகிறது என்றால், மொத்த வர்த்தகமே 20,000 ரூபாய். சில லட்சம் ரூபாயும் ஒத்துழைக்கும் நாலைந்து கணக்குகளும் இருந்தால் போதும். ஒருவர் விற்க, கூட்டாளி ஒருவர் கொஞ்சம் கூடுதல் விலைக்கு வாங்க, அவர் மூன்றாமவருக்கு விற்க, பங்கு இவர்களுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும். வர்த்தக அளவும் கூடும், விலையும் ஏறும். ஒரு நாளில் 5 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது என்று எக்ஸ்சேஞ்ச் வரம்பு வைத்திருந்தால் அதுவும் இவர்களுக்கு வசதிதான். தினமும் வரம்பைத் தொட்டுக்கொண்டே இருந்தால் பதினைந்து வர்த்தக நாளில் விலை இரட்டிப்பாகிவிடும். 'அப்பர் சர்க்யூட்' என்று தினமும் பார்ப்பவருக்குக் கை துறுதுறுக்கும். ரிலையன்ஸில் இதைச் செய்து பார்க்கட்டும்! நாளொன்றுக்குப் பல நூறு கோடி ரூபாய் புரளும் பங்கில் ஒரு கூட்டத்தின் பணம் கரைந்து காணாமல் போகும்.

சாத்னாவில் இந்த வரிசை அப்படியே தெரிகிறது. ஏப்ரலுக்கும் ஜூலை நடுப்பகுதிக்கும் இடையிலேயே விலையும் வர்த்தக அளவும் ஏறத் தொடங்கிவிட்டன. வீடியோக்கள் அதற்குப் பிறகுதான் வந்தன. விலை ஏறியிருப்பதைப் பார்த்தவருக்கு வீடியோவின் கதை நம்பும்படி இருந்தது. கதையைக் கேட்டவருக்கு விலையேற்றம் சாட்சியாக நின்றது. புதிதாக வந்த ஐம்பதாயிரம் பேர் வாங்கிய பங்குகளை யாராவது விற்றுத்தானே ஆக வேண்டும்? புரமோட்டர்களில் சிலரும் நிர்வாகத்தைச் சேர்ந்தவர்களும் வேறு சிலரும் அந்த உயர்ந்த விலையில் விற்றார்கள் என்பதே செபியின் குற்றச்சாட்டு.

இந்த வதந்தியை அந்த நேரத்தில் யார் மறுத்திருக்க முடியும்? பெரிய நிறுவனத்தைப் பல தரகு நிறுவனங்களின் ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனிக்கிறார்கள், காலாண்டு முடிவு வந்ததும் நிர்வாகத்தைத் தொலைபேசிக் கூட்டத்தில் கேள்வி கேட்கிறார்கள், பத்திரிகையாளர்கள் துருவுகிறார்கள். சாத்னா போன்ற ஒன்றைக் கவனிக்க யாருக்கும் சம்பளம் கிடையாது. சட்டமும் இந்த இடைவெளியைக் கூட்டுகிறது. ஊடகத்தில் வதந்தி வந்து விலை கணிசமாக அசைந்தால் 24 மணி நேரத்துக்குள் உண்டு, இல்லை என்று சொல்லியாக வேண்டும் என்ற விதி 2024 ஜூனில் முதல் 100 நிறுவனங்களுக்கும், டிசம்பரில் முதல் 250-க்கும் வந்தது. அதற்குக் கீழே இருப்பவர்களுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. வதந்தியால் எளிதில் ஆட்டி வைக்கக்கூடிய பங்குகள் இருப்பதோ அங்கேதான். சிறு நிறுவனங்களின் செலவைக் கூட்டக் கூடாது என்ற நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் குடை மழை பெய்யாத பக்கம் விரிந்திருக்கிறது.

இன்னொரு சிக்கல், தகவல் வரும் நேரம். ஒவ்வொரு காலாண்டும் முடிந்த 21 நாளுக்குள் யார் யாரிடம் எவ்வளவு பங்கு இருக்கிறது என்று கம்பெனி எக்ஸ்சேஞ்சில் தாக்கல் செய்ய வேண்டும். நான் ஒரு சிறு பங்கைப் பார்க்கும்போது முதலில் திறப்பது இந்த அட்டவணையைத்தான், லாபக் கணக்கை அல்ல. புரமோட்டர் பங்கு குறைந்துகொண்டே வர, சிறு முதலீட்டாளர் எண்ணிக்கை மடமடவென்று ஏறினால் சரக்கு யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்பது புரிந்துவிடும். ஆனால் ஜூலையில் நடந்ததை அது அக்டோபரில்தான் காட்டும். அதற்கு முன்பே கிடைக்கும் அடையாளங்கள் சில உண்டு. எந்த அறிவிப்பும் இல்லாமல் வர்த்தக அளவு திடீரென்று பல மடங்காவது ஒன்று. எக்ஸ்சேஞ்ச் அந்தப் பங்கைக் கூடுதல் கண்காணிப்புப் பட்டியலில் சேர்த்திருப்பது இன்னொன்று; பட்டியலில் இருப்பதாலேயே மோசடி என்று ஆகிவிடாது என்றாலும், பங்கை வாங்கப் போகும்போது செயலி காட்டும் அந்த எச்சரிக்கையைப் பலர் படிக்காமலே தள்ளிவிடுகிறார்கள். மூன்றாவது, வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் கேட்காமலே வரும் 'டார்கெட்'. பெரிய ஒப்பந்தம் என்று யாராவது சொன்னால், எக்ஸ்சேஞ்ச் தளத்தில் அந்தக் கம்பெனியின் அறிவிப்புப் பக்கத்தைத் திறந்து பார்க்க இரண்டு நிமிடம் ஆகும். 1,100 கோடி ஒப்பந்தம் உண்மையாக இருந்தால் அங்கே இருந்தாக வேண்டும்.

புளூசிப்பில் ஏமாற்று இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சென்செக்ஸிலேயே இருந்த சத்யம் கம்ப்யூட்டர்ஸ் பல ஆண்டுகள் பொய்க் கணக்கு எழுதியது. 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவரே கடிதத்தில் அதை ஒப்புக்கொண்டதும், சுமார் 179 ரூபாயில் இருந்த பங்கு அன்று மாலைக்குள் 40 ரூபாய்க்கு அருகில் வந்தது. கொடுமையான அடிதான். ஆனால் அன்று விற்க நினைத்தவர் விற்க முடிந்தது, ஒவ்வொரு விலையிலும் வாங்க ஆள் இருந்தார்கள். சிறு பங்கு விழும்போது இது நடப்பதில்லை. காலையில் சந்தை திறந்ததும் விலை 5 சதவீதம் கீழே போய் நிற்கும். விற்போர் வரிசையில் லட்சக்கணக்கான பங்கு, வாங்குவோர் பக்கம் பூஜ்ஜியம். மறுநாளும் அதே காட்சி. பதினான்கு வர்த்தக நாளில் விலை பாதியாகிவிடும். அதுவரை தினமும் விற்பனை ஆர்டர் போட்டவரும் ஒரு பங்கைக்கூட விற்றிருக்க மாட்டார். ஸ்டாப் லாஸ் போட்டு வைத்திருந்தாலும் பயனில்லை, வாங்க எதிரே ஒருவர் வேண்டுமே! சிலருக்கு விலைவரம்பு 2 சதவீதமாகக் குறைக்கப்படும். அப்போது இந்தக் காத்திருப்பு இன்னும் நீளும்.

சாத்னா வழக்கில் செபி 2025 மே மாதம் இறுதி ஆணை பிறப்பித்தது. 59 பேர் சேர்ந்து 58 கோடி ரூபாய்க்கு மேல் வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும் என்றது. வீடியோக்கள் வந்து ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கழித்து. இப்படி மீட்கும் பணம் முதலில் செபியின் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்குத்தான் போகும். பாதிக்கப்பட்டவர்களை அடையாளம் காண முடிந்த சில வழக்குகளில் அதைப் பிரித்துக் கொடுத்ததும் உண்டு. ஆனால் வீடியோ பார்த்து வாங்கியவர் யார், தானாகவே வாங்கி விற்றவர் யார், எந்த விலையில் வாங்கியவருக்கு எவ்வளவு என்று ஐம்பதாயிரம் கணக்குகளில் பிரிப்பது வேறு வேலை. பங்கை இன்னும் விற்காமல் வைத்திருப்பவருக்கு இழப்பு எவ்வளவு என்று சொல்வதற்கும், வாங்க ஆளிருக்கும் ஒரு விலை வேண்டும்.