ஸ்லாக் மாறிகளும் உபரி மாறிகளும்: ஒரு காப்பித்தூள் கலவைக் கணக்கு

நேரியல் திட்டமிடல் கணக்குகளில் கட்டுப்பாடுகள் பெரும்பாலும் அசமன்பாடுகளாகவே வருகின்றன. இருப்பு இவ்வளவுக்கு மேல் இல்லை, தேவை இவ்வளவுக்குக் குறையக்கூடாது என்பதுதான் நடைமுறைப் பேச்சு. 1947-இல் ஜார்ஜ் டான்சிக் உருவாக்கிய சிம்ப்ளெக்ஸ் முறையோ சமன்பாடுகளைக் கொண்டே இயங்குகிறது. எனவே ஒவ்வோர் அசமன்பாட்டிலும் ஒரு புதிய மாறியைச் சேர்த்து அதைச் சமன்பாடாக்க வேண்டும். "குறைவு அல்லது சமம்" என்ற கட்டுப்பாட்டில் கூட்டப்படும் மாறி ஸ்லாக் மாறி எனப்படும். அது பயன்படாமல் எஞ்சியிருக்கும் மிச்சத்தைக் குறிக்கிறது. "அதிகம் அல்லது சமம்" என்ற கட்டுப்பாட்டில் கழிக்கப்படும் மாறி உபரி மாறி எனப்படும். அது தேவைக்கு மேல் போன அளவைக் குறிக்கிறது. இரண்டும் பூச்சியமாகவோ நேர்மமாகவோதான் இருக்கலாம்.

சூத்திரமாக மனப்பாடம் செய்யும் மாணவர்கள் கூட்டுவதா கழிப்பதா என்பதில் அடிக்கடி தடுமாறுகிறார்கள். மாறிக்கு என்ன அலகு, அது எதை அளக்கிறது என்று தெரிந்தால் இந்தக் குழப்பம் வராது. சென்னையில் அன்றாடம் காணும் ஒரு தொழிலைக் கொண்டு இதைப் பார்ப்போம்.

கணக்கு

மயிலாப்பூர் மாட வீதிகளிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் காப்பிக்கொட்டையை வறுத்து, கண்ணெதிரே அரைத்துத் தரும் கடைகள் உண்டு. வாடிக்கையாளர்கள் "எண்பது-இருபது" என்று கேட்பார்கள். காப்பி 80 பங்கு, சிக்கரி 20 பங்கு என்று பொருள். இந்த விகிதத்தைக் கடைக்காரர் விருப்பம்போல் இறக்கிவிட முடியாது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையத்தின் விதிப்படி, காப்பி-சிக்கரி கலவையில் எடை அளவில் 51 சதவீதத்துக்குக் குறையாமல் காப்பி இருக்க வேண்டும்.

ஒரு கடையில் 60 கிலோ வறுத்த காப்பிக்கொட்டையும் 25 கிலோ சிக்கரியும் இருக்கின்றன என்று கொள்வோம். ஓர் உணவகத்துக்குக் குறைந்தது 40 கிலோ தூள் அனுப்ப வேண்டும். காப்பியின் அடக்கவிலை கிலோ 700 ரூபாய், சிக்கரியின் விலை 200 ரூபாய். இருப்பும் விலையும் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. 51 சதவீதம் மட்டும் சட்டம் சொல்வது. காப்பி `x` கிலோ, சிக்கரி `y` கிலோ என்றால், செலவை மிகக் குறைவாக்க வேண்டும்:

```
சிறுமமாக்குக:  700x + 200y
x ≤ 60
y ≤ 25
x + y ≥ 40
x ≥ 0.51(x + y)
x ≥ 0,  y ≥ 0
```

நான்காவது கட்டுப்பாட்டில் மாறிகள் இரு புறமும் உள்ளன. எல்லா மாறிகளையும் இடப்புறம் கொண்டுவந்தால் `0.49x − 0.51y ≥ 0` என்றாகும். புதிய மாறியைச் சேர்ப்பதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். வலப்புறத்தில் குறை எண் இருந்தால் அந்த வரி முழுவதையும் −1 ஆல் பெருக்கிக்கொள்வதும் இப்போதே. அப்படிப் பெருக்கும்போது ≤ என்பது ≥ ஆகவும், ≥ என்பது ≤ ஆகவும் திரும்பும் என்பதை மறக்கக்கூடாது.

சமன்பாடுகளாக்குதல்

முதல் கட்டுப்பாட்டை எடுத்துக்கொள்வோம். 60 கிலோவில் `x` கிலோ போக மீதி சாக்கில் இருக்கும். அந்த மீதிதான் `s1`. பயன்படுத்தியதும் மீதியும் சேர்ந்தால் 60 ஆக வேண்டும், அதனால் கூட்டுகிறோம். சிக்கரிக்கும் அவ்வாறே `s2`.

மூன்றாவதில் நிலை வேறு. அரைத்த தூள் 40 கிலோவுக்கு மேல் இருக்கலாம். 47 கிலோ அரைத்திருந்தால், அதிலிருந்து 7 கிலோவை எடுத்தால்தான் 40 வரும். அந்த 7 தான் உபரி மாறி `s3`-இன் மதிப்பு, அதனால் கழிக்கிறோம். நான்காவதில் `s4` என்பது சட்டம் கேட்கும் காப்பிக்கு மேல் கலவையில் எத்தனை கிலோ காப்பி கூடுதலாக உள்ளது என்பதைச் சொல்கிறது. அதுவும் உபரி மாறியே.

```
x + s1 = 60
y + s2 = 25
x + y − s3 = 40
0.49x − 0.51y − s4 = 0
```

ஒவ்வொரு வரிக்கும் தனி மாறி வேண்டும். சாக்கில் மிஞ்சிய காப்பியும் மிஞ்சிய சிக்கரியும் வெவ்வேறு பொருள்கள். இரண்டுக்கும் ஒரே `s` போட்டால் இரண்டும் எப்போதும் சமமாக மிஞ்ச வேண்டும் என்ற, கணக்கில் இல்லாத ஒரு நிபந்தனை நுழைந்துவிடும். கட்டுப்பாடு முதலிலேயே சமன்பாடாக இருந்தால் ஸ்லாக்கும் வேண்டாம், உபரியும் வேண்டாம். இம்மாறிகளுக்குக் குறிக்கோள் சார்பில் கெழு பூச்சியம்.

அடிப்படை ஏற்புடைய தீர்வு

இப்போது நான்கு சமன்பாடுகளும் ஆறு மாறிகளும் உள்ளன. இரண்டு மாறிகளைப் பூச்சியமாக்கினால் மீதி நான்கையும் கண்டுபிடிக்கலாம். அந்த நான்குக்கும் ஒரே ஒரு விடைதான் வருமானால் அது அடிப்படைத் தீர்வு. அதில் எந்த மாறியும் குறை எண்ணாக இல்லாவிட்டால் அது அடிப்படை ஏற்புடைய தீர்வு. ஆறில் இரண்டைத் தேர்ந்தெடுக்க 15 வழிகள் உண்டு, எல்லாம் பயன்படாது. `x`, `s1` இரண்டையும் பூச்சியமாக்கினால் முதல் வரி 0 = 60 என்றாகிவிடும்.

எல்லாக் கட்டுப்பாடுகளும் ≤ வகையாக, வலப்புறம் நேர்மமாக இருந்தால் வேலை மிக எளிது. இந்தக் கணக்கில் முதல் இரண்டு வரிகள் மட்டும் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். `x = 0, y = 0` என்று வைத்தால் `s1 = 60`, `s2 = 25` என்று வலப்புறத்தைப் பார்த்தே எழுதிவிடலாம். கடை மொழியில் சொன்னால், எதையும் அரைக்கவில்லை. இரண்டு சாக்கும் அப்படியே இருக்கின்றன. பாடநூல்களின் முதல் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் இவ்வகையானவை என்பதால், பூச்சியத்தில் தொடங்குவது எப்போதும் சரி என்ற எண்ணம் மாணவர்களிடம் படிந்துவிடுகிறது.

முழுக் கணக்கிலும் அதையே செய்து பார்ப்போம். `x = y = 0` எனில் மூன்றாவது வரி `−s3 = 40`, அதாவது `s3 = −40` என்கிறது. தேவைக்கு மேல் போன அளவு "குறை 40" என்றால், ஆர்டரில் 40 கிலோ பாக்கி என்றுதான் பொருள். இது அடிப்படைத் தீர்வுதான், ஆனால் ஏற்புடையது அன்று. விடையை வரிசையாக எழுதி எல்லாம் ≥ 0 தானா என்று பார்க்கும் வழக்கம் இருந்தால் இது உடனே பிடிபடும்.

நான்காவது வரியில் வலப்புறம் பூச்சியம் என்பதால் தப்பிக்க வழி உண்டு. −1 ஆல் பெருக்கினால் `−0.49x + 0.51y + s4 = 0` ஆகிறது. `s4`-இன் கெழு +1 ஆகிவிட்டது; `s4 = 0` என்று நேரே படிக்கலாம். மூன்றாவது வரியில் இந்த உத்தி செல்லாது. பெருக்கினால் வலப்புறம் −40 ஆகிவிடும். எனவே அங்கே மட்டும் செயற்கை மாறி `a` ஒன்றைக் கூட்டுகிறோம்:

```
x + s1 = 60
y + s2 = 25
x + y − s3 + a = 40
−0.49x + 0.51y + s4 = 0
```

இப்போது `x = y = s3 = 0` என்றால் `s1 = 60, s2 = 25, a = 40, s4 = 0`. தொடங்க ஓர் இடம் கிடைத்துவிட்டது. ஆனால் இது இன்னும் நம் கணக்கின் தீர்வு அன்று. `a` என்பது நாமாக இட்ட முட்டு. அனுப்ப வேண்டிய 40 கிலோவும் இன்னும் அதன் கணக்கில்தான் இருக்கிறது. அது பூச்சியமாகும்போதுதான் மூல கணக்கின் முதல் ஏற்புடைய தீர்வு கிடைக்கும். இருகட்ட முறையின் முதல் கட்டம் `a`-யைச் சிறுமமாக்குவது மட்டுமே.

`a`-யைக் குறைக்க `x`-ஐயோ `y`-ஐயோ உயர்த்தலாம். `y`-ஐ உயர்த்தப் பார்த்தால் நான்காவது வரி தடுக்கிறது: 0 ÷ 0.51 = 0. ஒரு கிராம் சிக்கரிகூடச் சேர்க்க முடியாது, ஏனெனில் காப்பி இன்னும் சேரவில்லை. அடிப்படை மாறியான `s4` பூச்சியமாக இருப்பதன் விளைவு இது; இப்படிப்பட்ட தீர்வைச் சிதைவுற்ற தீர்வு என்பர். `y`-ஐ உள்ளே கொண்டுவருவது தவறல்ல. அட்டவணை மாறும், ஆனால் எந்த மாறியின் மதிப்பும் மாறாது. மாணவர் தன் கணக்கில் பிழை என்று நினைத்து அழித்துவிடும் இடம் இது.

`x`-ஐ உயர்த்தினால் முதல் வரி 60 வரையும், மூன்றாவது வரி 40 வரையும் விடுகின்றன. நான்காவதில் `x`-இன் கெழு குறை எண் என்பதால் அது தடை செய்யாது. ஆக `x = 40`, `a = 0`. மற்றவற்றைப் படிப்போம்:

```
x = 40,  s1 = 20,  s2 = 25,  s4 = 19.6
y = 0,   s3 = 0
```

இதுவே முதல் அடிப்படை ஏற்புடைய தீர்வு. சிக்கரியே இல்லாத 40 கிலோ தூள். காப்பி 20 கிலோ மீதி. சிக்கரி முழுவதும் மீதி. ஆர்டருக்கு மேல் ஏதுமில்லை. 40 கிலோ கலவைக்குச் சட்டம் கேட்பது 20.4 கிலோ காப்பி. இங்கே 40 இருப்பதால் 19.6 கூடுதல். `s4`-இன் மதிப்பும் அதுதான். செலவு 28,000 ரூபாய்.

உண்மையில், கணக்கைச் சற்று உற்றுப் பார்த்தவருக்குச் செயற்கை மாறி இல்லாமலே இது புலப்பட்டிருக்கும்: சுத்தமான காப்பி எப்போதும் விதிக்கு உட்பட்டதுதானே. நான்கு வரிக் கணக்கில் அப்படிக் கண்டுபிடிப்பதை நான் குறையாகக் கருதமாட்டேன். நாற்பது வரிகள் இருந்தால் `a`-தான் துணை.

இங்கிருந்து ஓர் அடிதான் மீதி. `s3`-ஐப் பூச்சியமாகவே வைத்து, ஒரு கிலோ காப்பிக்குப் பதில் ஒரு கிலோ சிக்கரி போட்டால் 500 ரூபாய் மிச்சம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் `s4` ஒரு கிலோ குறையும். 19.6 கிலோ மாற்றியதும் `s4` தீர்ந்துவிடும். `x = 20.4`, `y = 19.6`, `s1 = 39.6`, `s2 = 5.4`. செலவு 18,200 ரூபாய். இதுவே உகம விடை. அந்தக் காப்பியைக் குடிப்பவர் என்ன சொல்வார் என்பது கட்டுப்பாடுகளில் எழுதப்படவில்லை.

முதல் கட்டம் முடிந்தும் `a` பூச்சியமாகாமல் நின்றால் என்ன பொருள்? கடையில் காப்பி 60 அல்ல, 15 கிலோதான் என்று வைத்துக்கொள்வோம். விதிப்படி 15 கிலோ காப்பியைக் கொண்டு அதிகபட்சம் 15 ÷ 0.51, அதாவது ஏறத்தாழ 29.41 கிலோ கலவைதான் செய்யலாம். முதல் கட்டம் `a = 10.59` என்ற மதிப்பில் நின்றுவிடும். அதற்கு மேல் குறையாது. கணக்குக்கு ஏற்புடைய தீர்வே இல்லை என்பதன் அடையாளம் இது. விதியை மீறாமல் ஆர்டரை நிறைவேற்ற, கலவை இன்னும் எத்தனை கிலோ தேவை என்பதையும் அந்த எண்ணே சொல்லிவிடுகிறது.