கையில் எத்தனை டிக்கெட் இருக்கலாம்?

2004-ல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் ஹைதராபாத் பராமரிப்புக் குழு ஒன்றுக்கு உள்ளுக்குள் நல்ல பெயர் இல்லை. நிறுவன ஊழியர்கள் பயன்படுத்தும் மென்பொருள்களில் சிறு திருத்தங்கள் செய்வதும் பிழை நீக்குவதும் அதன் வேலை. நிரல் எழுத மூன்று பேர், சோதித்துப் பார்க்க மூன்று பேர். ஒரு கோரிக்கை வந்தால் அது முடிய சராசரியாக ஐந்து மாதம் ஆனது. எண்பதுக்கும் மேற்பட்ட கோரிக்கைகள் காத்துக் கிடந்தன.

பொறுப்பேற்ற மேலாளர் டிராகோஸ் துமித்ரியு, டேவிட் ஆண்டர்சன் என்ற ஆலோசகரின் உதவியோடு குழுவின் நேரம் எங்கே போகிறது என்று பார்த்தார். புதிதாக எது வந்தாலும், கையில் இருப்பதை வைத்துவிட்டு, அதற்கு எவ்வளவு நேரமாகும் என்று இரண்டு நாளுக்குள் மதிப்பீடு சொல்ல வேண்டும் என்பது விதி. குழுவின் நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இதிலேயே கரைந்தது. இத்தனைக்கும் மதிப்பிட்ட கோரிக்கைகளில் பல பிறகு செய்யப்படவே இல்லை. மதிப்பீட்டை நிறுத்தினார்கள். ஆளுக்கு ஒரு வேலை, அடுத்து எடுக்கத் தயாராக ஒரு சிறு வரிசை, அந்த வரிசையில் இடம் காலியானால் மட்டுமே புதிய கோரிக்கை என்று வைத்தார்கள். அடுத்த ஆண்டின் இறுதிக்குள் ஐந்து மாதம் சுமார் 14 நாளாகக் குறைந்தது. இடையில் சோதனை இடம் ஒன்றை நிரல் பக்கம் மாற்றியதும், பின்னர் ஆள் சேர்த்ததும் உதவின என்பதால் முழுப் பெருமையையும் வரம்புக்கே கொடுத்துவிட முடியாது. ஆனாலும் அந்தப் பொறியாளர்கள் நிரல் எழுதிய முறையோ சோதித்த முறையோ மாறவில்லை. ஒரே நேரத்தில் எவ்வளவு வேலை உள்ளே இருக்கலாம் என்பதுதான் மாறியது. மென்பொருள் உலகில் கன்பான் என்று பின்னர் பெயர் பெற்ற முறைக்கு இந்தக் குழுவையே தொடக்கமாகச் சொல்கிறார்கள். பெயரும் அடிப்படை எண்ணமும் டொயோட்டா தொழிற்சாலையிலிருந்து வந்தவை.

வேலையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் போர்டில் ஓர் இடம் ஒதுக்கி, அங்கே இத்தனைக்கு மேல் இருக்கக் கூடாது என்று எழுதி வைப்பதுதான் இந்த வரம்பு. அதன் பின்னால் இருக்கும் கணக்கை 1961-ல் ஜான் லிட்டில் நிரூபித்தார். கையில் இருக்கும் வேலைகளின் எண்ணிக்கையை ஒரு நாளில் முடியும் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு வேலை முடிய ஆகும் சராசரி நாட்கள் கிடைக்கும். வருவதும் முடிவதும் ஏறக்குறைய சமமாக இருந்தால் இந்தக் கணக்கு பொருந்தும்.

கணக்குக்காக ஆறு பேர் கொண்ட ஒரு சப்போர்ட் குழுவை வைத்துக்கொள்வோம். சம்பளக் கணக்கு மென்பொருள் விற்கும் நிறுவனம். நாளுக்கு 12 டிக்கெட் வருகிறது, 12 முடிகிறது. போர்டில் ‘வேலையில்’ என்ற ஒரே கட்டத்தில் 60 டிக்கெட் நிற்கிறது. அப்படியானால் ஒரு டிக்கெட்டுக்கு ஐந்து நாள். வேலையோ பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள்தான் இருக்கும்.

இங்கே பலர் அவசரப்படுகிறார்கள். வரம்பை 30 என்று எழுதி, மீதி முப்பதையும் ‘புதியது’ கட்டத்துக்குத் தள்ளிவிட்டு, இரண்டரை நாளாகிவிட்டது என்கிறார்கள். வாடிக்கையாளருக்கு எதுவும் மாறவில்லை. முன்பு மேசையில் காத்திருந்தவர் இப்போது வாசலில் காத்திருக்கிறார், அவ்வளவுதான். வரம்பின் பலன் வேறு வழியில் வருகிறது. மார்ச் மாதச் சம்பள அறிக்கை திறக்கவில்லை என்று ஒருவர் எழுதுகிறார். ஊழியர் ஸ்கிரீன்ஷாட் கேட்டுவிட்டு வேறு டிக்கெட்டுக்குப் போகிறார். நான்கு நாள் கழித்து படம் வருகிறது. அதற்குள் விவரம் மறந்து, மொத்தக் கடிதப் போக்குவரத்தையும் மறுபடி படிக்க வேண்டியிருக்கிறது. இடையில் “என் புகார் என்னாச்சு?” என்று வாடிக்கையாளர் இரண்டு முறை கேட்டிருக்கிறார், அதுவும் இரண்டு டிக்கெட்டாகப் பதிவாகியிருக்கிறது. கையில் குறைவாக இருந்தால் இந்த மறுவாசிப்பும் விசாரிப்பும் குறையும். அதனால் நாளுக்கு முடிவது 12-லிருந்து கொஞ்சம் ஏறும். மொத்தக் காத்திருப்பு உண்மையாகக் குறைவது அப்போதுதான்.

எனவே முதலில் அந்த அறுபதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பல குழுக்களில் கணிசமானவை ‘வாடிக்கையாளர் பதிலுக்காக’ என்று நிற்கும். நம் குழுவில் ஊழியர் கையில் 22, வாடிக்கையாளரிடம் 30, நிரலாளர் குழுவிடம் 8 என்று வைப்போம். மூன்றும் மூன்று தனிக் கட்டங்கள், மூன்றுக்கும் தனி வரம்பு.

ஊழியர் கையில் இருப்பதற்கு ஆளுக்கு ஒன்றரை என்ற அளவில் தொடங்கலாம். ஆறு பேருக்கு ஒன்பது, பழக்கத்துக்காகப் பத்து. இதை ஆளுக்கு இரண்டு என்று பங்கு போடாமல் குழு முழுவதற்கும் ஒரே எண்ணாக வைப்பது நல்லது. பங்கு போட்டால் தன் இரண்டை முடித்தவர் பக்கத்து மேசையில் சிக்கியிருப்பதைத் திரும்பிப் பார்க்க மாட்டார்.

வாடிக்கையாளரிடம் நிற்பவற்றுக்கு வரம்பே வேண்டாம், அது நம் கையில் இல்லையே என்று பலரும் நினைப்பார்கள். அங்கேதான் ஓட்டை. பத்து என்ற வரம்பு தொட்டதும், யாருக்கும் தேவையில்லாத ஒரு கேள்வியை அனுப்பிவிட்டு டிக்கெட்டை அந்தக் கட்டத்துக்கு நகர்த்த ஆரம்பிப்பார்கள். ஆகவே 15 என்று வைத்து, நிரம்பினால் புதியதை எடுக்கும் முன் அங்கே மிகப் பழையதை ஒருவர் கவனிக்க வேண்டும் என்று விதி செய்யலாம். போன் செய்யலாம், இரண்டாம் நினைவூட்டலுக்கும் பதில் இல்லையென்றால், எப்போது வேண்டுமானாலும் மறுபடி திறக்கலாம் என்று சொல்லி மூடலாம். நிரலாளர்களிடம் நிற்பதற்கு ஐந்து. அது நிரம்பினால் குழுத் தலைவர் அவர்கள் மேலாளரிடம் நேரில் போய்ப் பேச வேண்டும். சப்போர்ட் ஊழியரை விரட்டிப் பயனில்லை.

சம்பள நாளில் மென்பொருளே நின்றுபோனால் வரம்பு பார்க்க முடியாது. அதற்கென்று ‘அவசரம்’ என்ற தனி வரிசை, அதில் ஒன்றே ஒன்று. இரண்டாவது அவசரம் வந்தால் எது முதலில் என்று மேலாளர் முடிவு சொல்ல வேண்டும். இந்த ஒன்று என்ற எண் இல்லாவிட்டால் ஒரு மாதத்தில் எல்லாமே அவசரமாகிவிடும்.

புகார் வருவதை சப்போர்ட் குழு தடுக்க முடியாது. அதனால் ‘புதியது’ கட்டத்துக்கு வரம்பு இல்லை. வந்ததும் பெற்றுக்கொண்டோம் என்ற பதிலும், முக்கியத்துவம் பார்த்து வரிசைப்படுத்துவதும் அங்கேயே நடக்க வேண்டும். நாளுக்கு 15 வந்து 12 முடியும் குழுவை எந்த வரம்பும் காப்பாற்றாது. அங்கே ஆள் சேர்க்க வேண்டும், அல்லது அடிக்கடி வரும் புகாரின் மூலத்தையே சரிசெய்ய வேண்டும்.

எண் சரியா என்று இரண்டு வாரத்தில் தெரிந்துவிடும். வரம்பு ஒருமுறைகூடத் தொடப்படவில்லை என்றால் அது தளர்வு, ஒன்றிரண்டு குறைக்கலாம். தினமும் நிரம்பி ஆட்கள் சும்மா உட்கார்ந்தால், எந்த டிக்கெட் அதிக நாளாக நிற்கிறது, எதற்காக நிற்கிறது என்று பார்த்த பிறகே எண்ணை உயர்த்த வேண்டும். மூடிய டிக்கெட்டுகள் கூடி, மறுபடி திறப்பவையும் கூடினால் முடிக்காமலே மூடுகிறார்கள் என்று பொருள். போர்டு சுத்தமாக இருந்தும் எல்லோரும் பரபரப்பாக இருந்தால் வேலை வாட்ஸ்அப்பில் நடக்கிறது. ஜிரா போன்ற கருவிகள் வரம்பு மீறினால் அந்தக் கட்டத்தைச் சிவப்பாகக் காட்டும், தடுக்காது. மீறுவது என்று முடிவானால், ஏன் என்று ஒரு வரி அந்த டிக்கெட்டிலேயே எழுதிவிட்டு மீறலாம். மாதக் கடைசியில் அந்த வரிகளைச் சேர்த்துப் படித்தால், அடுத்து எந்த எண்ணை மாற்ற வேண்டும் என்பது பெரும்பாலும் அவற்றிலேயே இருக்கும்.